அந்த நூறு கிராம் எதனுடைய நூறு கிராம்?

உணவுப் பாக்கெட்டின் பின்பக்கத்து ஊட்டச்சத்துப் பட்டியலிலிருந்து நாம் சாப்பிட்டதைக் கணக்கிட ஒரே ஒரு பெருக்கல் போதும். பட்டியலில் உள்ள எண்ணை, சாப்பிட்ட கிராமால் பெருக்கி நூறால் வகுத்தால் முடிந்தது. இவ்வளவு எளிய கணக்கில் இரண்டு மடங்கு பிழை எப்படி வருகிறது? பெருக்கல் சரியாகவே இருக்கும். எதை எடை போட்டோம், பட்டியல் எதனுடைய நூறு கிராமைச் சொல்கிறது, இந்த இரண்டும் ஒன்றுதானா என்று பார்க்காமல் விடுவதில்தான் பிழை நுழைகிறது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம் என் அக்கா மகன். அவனுக்கு முதல் வகை நீரிழிவு. ஒவ்வொரு வேளையும் எவ்வளவு மாவுச்சத்து சாப்பிடப் போகிறான் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்கேற்ப இன்சுலின் போட்டுக்கொள்கிறான். அவனுடைய மருத்துவர் அவனுக்கென்று குறித்துக் கொடுத்த விகிதம், 10 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட். இந்த விகிதம் ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கே காலையும் இரவும் மாறலாம், ஆகவே இதை யாரும் தனக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்கு எவ்வளவு நுணுக்கமாக இருக்க வேண்டும் என்று காட்டத்தான் சொல்கிறேன். எடையைக் குறைக்க நினைப்பவருக்கு இருபது கிராம் பிழை ஒரு நாளில் தெரியாமலே போய்விடும். அவனுக்கு அதே பிழை இரண்டு யூனிட் இன்சுலின். அது இரண்டு மணி நேரத்தில் உடம்பில் தெரிந்துவிடும்.

அவனோடு உட்கார்ந்து முதலில் கணக்குப் போட்டது ஒரு மூஸ்லி பாக்கெட்டுக்கு. பட்டியலில் இரண்டு பத்திகள் இருந்தன. ஒன்று 100 கிராமுக்கு, இன்னொன்று ஒரு முறை பரிமாறும் அளவுக்கு, அதாவது 40 கிராமுக்கு. நூறு கிராம் பத்தியில் ஆற்றல் 378 கலோரி, கொழுப்பு 8 கிராம், மாவுச்சத்து 62 கிராம், அதில் சர்க்கரை 20 கிராம், நார்ச்சத்து 9 கிராம், புரதம் 10 கிராம். பரிமாறும் அளவுப் பத்தியில் மாவுச்சத்து 24.8 கிராம். பெரும்பாலோர் கண் இந்தப் பத்திக்குத்தான் போகும். "ஒரு வேளைக்கு" என்று போட்டிருக்கிறதே, கணக்கை அவர்களே போட்டுக் கொடுத்துவிட்டார்களே என்று தோன்றும்.

அவனுக்கும் அப்படித்தான் தோன்றியது. "சித்தி, 25 கிராம்னு போட்டிருக்கு. ரெண்டரை யூனிட், அவ்வளவுதானே?" என்றான்.

"நீ வழக்கமா கொட்டிக்கிற அளவைக் கிண்ணத்துல கொட்டுடா, பாக்கலாம்," என்றேன்.

தராசு 72 கிராம் காட்டியது. அவன் ஒன்றும் அதிகமாகக் கொட்டவில்லை. கிண்ணத்தின் அடிப்பாகம் நிறைந்திருந்தது, அவ்வளவுதான். மூஸ்லி கனமான பொருள். ஓட்ஸும் கொட்டைகளும் உலர்பழமும் சேர்ந்த கலவை, பொரித்த தானியத்தைப் போலக் காற்றடைத்து உப்பியிருப்பதில்லை. 40 கிராம் மூஸ்லியை ஒரு சாதாரணக் கிண்ணத்தில் போட்டுப் பார்த்தால் ஏதோ மிச்சம் வைத்தது போலத்தான் இருக்கும். பரிமாறும் அளவு என்பது ஒரு குறிப்பு எண். நம் கிண்ணத்தின் அகலமோ நம் பசியோ அதற்குத் தெரியாது. அதனால் அந்தப் பத்தியை நான் பார்ப்பதே இல்லை. நூறு கிராம் பத்தியும் தராசும் போதும்.

72 கிராமுக்கு மாவுச்சத்து எவ்வளவு? 62-ஐ 72-ஆல் பெருக்கி நூறால் வகுத்தால் 44.6. மனக்கணக்காகவும் போடலாம். 62-இல் பத்தில் ஒரு பங்கு 6.2, அதை ஏழு மடங்காக்கினால் 43.4, நூறில் இரண்டு பங்கு இன்னும் 1.2; மொத்தம் 44.6. இதே போல ஆற்றல் 272 கலோரி, சர்க்கரை 14.4 கிராம். அவனுக்குத் தேவையான எண் முதலாவதுதான், மற்றவற்றைப் பழக்கத்துக்காகப் போட்டுப் பார்த்தோம்.

அதன் மேல் பால். பால் பட்டியல் 100 மில்லிலிட்டருக்கு எழுதப்பட்டிருந்தது: மாவுச்சத்து 4.8 கிராம். மூஸ்லி இருந்த கிண்ணத்தைத் தராசிலேயே வைத்து, பூஜ்ஜியமாக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, பாலை ஊற்றினோம். 185 கிராம். தராசு கிராமில் சொல்கிறது, பட்டியல் மில்லிலிட்டரில் சொல்கிறது. பால் தண்ணீரைவிடச் சற்றே கனமானது. ஒரு மில்லிலிட்டர் ஏறக்குறைய 1.03 கிராம். ஆக 185 கிராம் பால் சுமார் 180 மில்லிலிட்டர். அதில் மாவுச்சத்து 8.6 கிராம். பாலில் இந்த மாற்றம் அரை கிராம்கூட வித்தியாசம் தராது, செய்யாமல் விட்டாலும் பரவாயில்லை. எல்லாப் பொருளிலும் அப்படி விட்டுவிட முடியாது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கூட்டினால் 53 கிராம். பாக்கெட் சொன்ன 25-க்கும் இதற்கும் 28 கிராம் இடைவெளி. இரண்டரை யூனிட் போட்டிருந்தால் பாதிக்கும் குறைவு.

எடை போடுவதில் ஒரு சின்ன வசதியைச் சொல்லிவிடுகிறேன். கிண்ணத்தை வைப்பதற்குப் பதில், பாக்கெட்டையே தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, தேவையானதை வெளியே எடுத்துக் கொட்டிவிட்டு, மறுபடி பாக்கெட்டைத் தராசில் வைத்தால் கழித்தல் குறியோடு ஒரு எண் காட்டும். எடுத்த அளவு அதுதான். பிசுபிசுப்பான ஜாம், கரண்டியில் ஒட்டிக்கொள்ளும் கடலை வெண்ணெய் போன்றவற்றுக்கு இதுவே சரியான வழி. புட்டியிலிருந்து எவ்வளவு போனது என்பதைத் தராசு சொல்லும். கரண்டியில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை.

இனி முக்கியமான இடம். மாவுச்சத்து 62 என்று எழுதியிருக்கிறதே, அதற்குள் நார்ச்சத்து 9 கிராமும் அடக்கமா, அல்லது அது தனியா? அவனுடைய மருத்துவர் நார்ச்சத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். எனவே இது தெரிந்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் முறைப்படி மாவுச்சத்து என்ற வரியில் நார்ச்சத்து சேராது. அதற்குத் தனி வரி. அமெரிக்கப் பட்டியலில் "மொத்த மாவுச்சத்து" என்ற வரிக்குள் நார்ச்சத்தும் அடக்கம். அதன் அடியில் சற்று உள்ளே தள்ளி நார்ச்சத்தை எழுதியிருப்பார்கள். அந்த முறையில் வந்த பாக்கெட் என்றால் நாமே கழித்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய முறையில் வந்ததில் கழித்தால் இரண்டாவது முறை கழித்ததாகிவிடும்.

பாக்கெட் எந்த முறையில் எழுதப்பட்டது என்று சந்தேகம் வந்தால், பட்டியலின் எண்களே சாட்சி சொல்லும். இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க ஆசைப்படுகிறேன். நூறு கிராம் உணவு என்பது கொழுப்பு, மாவுச்சத்து, நார்ச்சத்து, புரதம், தண்ணீர், கொஞ்சம் தாது உப்புகள் இவ்வளவுதான். இவற்றின் கூட்டு நூறு. பட்டியலில் தண்ணீரை எழுதுவதில்லை, ஆனால் கழித்துப் பார்த்தால் கிடைத்துவிடும். நம் மூஸ்லியில் 8, 62, 9, 10 ஆகியவற்றைக் கூட்டினால் 89. மீதி 11 கிராம் ஈரமும் தாது உப்பும். உலர்ந்த தானியக் கலவைக்கு இது பொருத்தமான அளவு. 62-க்குள் நார்ச்சத்தும் அடக்கம் என்று வைத்துக்கொண்டால் கூட்டு 80-தான் வரும், மீதி 20. அவ்வளவு ஈரம் இருந்தால் மூஸ்லி மொறுமொறுப்பாக இருக்காது, கெட்டும் போய்விடும். எனவே நார்ச்சத்து தனிதான்.

கலோரியை வைத்தும் இதையே சரிபார்க்கலாம். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் 4, நார்ச்சத்துக்கு ஐரோப்பிய முறையில் 2. 72-ம் 248-ம் 40-ம் 18-ம் கூட்டினால் 378. பட்டியலில் உள்ள எண் அப்படியே வந்துவிட்டது. நார்ச்சத்து உள்ளடங்கியது என்று கொண்டு மாவுச்சத்தை 53 ஆக்கிப் போட்டால் 342-தான் வருகிறது. இவ்வளவு சுத்தமாக எப்போதும் பொருந்தாது. எண்களை முழு எண்ணாக்குவதாலும், சில வகைச் சர்க்கரை மாற்றுப் பொருள்களுக்கு வேறு மதிப்பு இருப்பதாலும் சற்று முன்பின் இருக்கும். ஆனால் இரண்டு ஊகங்களில் எது சரி என்று தெரிந்துகொள்ள அது போதும்.

இதே மூஸ்லி அமெரிக்க முறைப் பட்டியலோடு வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? அங்கே நூறு கிராம் பத்தி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பரிமாறும் அளவை மட்டும் காணலாம். அது 55 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மொத்த மாவுச்சத்து 39, நார்ச்சத்து 5 என்று இருக்கும். முதலில் கழித்துக்கொள்ளுங்கள்: 34. அதை 55-ஆல் வகுத்தால் ஒரு கிராமுக்கு 0.618. 72-ஆல் பெருக்கினால் 44.5. அதே விடைதான். "ஒரு கிராமுக்கு எவ்வளவு" என்ற எண் கையில் கிடைத்துவிட்டால் பட்டியல் எந்த வடிவத்தில் வந்தாலும் கவலையில்லை. அந்த முறையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு பரிமாறலில் அரை கிராமுக்குக் குறைவான கொழுப்போ சர்க்கரையோ இருந்தால் பூஜ்ஜியம் என்றே எழுதலாம். பரிமாறும் அளவு மிகச் சிறியதாக இருக்கும் பொருளில், பல பரிமாறல் சாப்பிடுபவருக்கு அந்தப் பூஜ்ஜியம் பூஜ்ஜியமாக இருக்காது.

மீதித் தண்ணீரைக் கழித்துப் பார்க்கும் அந்தப் பழக்கம் உண்மையில் கைகொடுப்பது அடுப்பில் வேகும் பொருள்களில். அவன் வீட்டில் பாஸ்தா அடிக்கடி செய்வார்கள். பாக்கெட்டில் 100 கிராமுக்கு மாவுச்சத்து 71 கிராம். எல்லோருக்கும் சேர்த்து 250 கிராம் வேகவைத்தார்கள். அவன் தட்டில் வெந்த பாஸ்தா 210 கிராம். நேரடியாகப் பெருக்கினால் 149 கிராம் மாவுச்சத்து வருகிறது.

அந்த எண்ணைப் பார்த்ததும் நின்றுவிட வேண்டும். பானையில் போட்ட பாஸ்தா முழுவதிலும் சேர்த்தே மாவுச்சத்து 177.5 கிராம்தான். ஒரு தட்டில் எப்படி 149 வரும்? பட்டியல் சொன்ன நூறு கிராம் காய்ந்த பாஸ்தா. தட்டில் இருக்கும் 210 கிராமில் பாதிக்கும் மேல் அது குடித்த தண்ணீர். தண்ணீரில் மாவுச்சத்து கிடையாது. இந்தப் பிழையை நம்பி இன்சுலின் போட்டால் சுமார் 15 யூனிட். தேவை 7-க்கும் குறைவு. இரு மடங்குக்கு மேல் போட்டுக்கொண்டு ரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவதற்கு இந்த ஒரு பெருக்கலே போதும். மூஸ்லியில் வந்த பிழை சர்க்கரையை ஏற்றும் பக்கம். இது இறக்கும் பக்கம். இரண்டில் உடனடி ஆபத்து இதில்தான் அதிகம்.

சரியான வழி இது. காய்ந்த பாஸ்தாவை வேகவைக்கும் முன் எடை போட வேண்டும்: 250 கிராம். வெந்து வடித்த பிறகு முழுவதையும் எடை போட வேண்டும்: 560 கிராம். வேகும்போது மாவுச்சத்து கூடவில்லை; வடித்த நீரில் கொஞ்சம் கரைந்து போகும், அது சிறு அளவுதான், விட்டுவிடலாம். ஆகவே அந்த 560 கிராமுக்குள் இருப்பது 177.5 கிராம் மாவுச்சத்து. வெந்த பாஸ்தா ஒரு கிராமுக்கு 0.317. தட்டில் உள்ள 210 கிராமுக்கு 66.6, அதாவது 67 கிராம்.

வெந்த பிறகு முழுவதையும் எடை போடுவது சிரமம் என்பார்கள். வெறும் பானையின் எடையை ஒருமுறை போட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிட்டால் அந்தச் சிரமம் போய்விடும். வடித்த பாஸ்தாவைப் பானையோடு தராசில் வைத்து, பானையின் எடையைக் கழித்தால் சரி. அக்கா அப்படித்தான் செய்கிறாள். தராசு எவ்வளவு எடை வரை தாங்கும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"ஒரு தடவை 0.317-னு கண்டுபிடிச்சாச்சு, இனிமே அதையே வெச்சுக்கலாமே சித்தி?" என்று அவன் கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வேகும் நேரம் கூடினால் பாஸ்தா இன்னும் தண்ணீரைக் குடிக்கும். அதே 250 கிராம் ஒரு நாள் 520 ஆகும், குழைந்துவிட்ட நாளில் 620 ஆகும். 520 ஆனால் ஒரு கிராமுக்கு 0.341, 620 ஆனால் 0.286. அவனுடைய 210 கிராம் தட்டில் முதலாவது 72, இரண்டாவது 60. பன்னிரண்டு கிராம் வித்தியாசம். வெளியே சாப்பிடும்போது நடுவில் உள்ள எண்ணை வைத்துக்கொள்ளலாம். வீட்டில் தராசு இருக்கும்போது பானையை எடை போட்டுவிடுவதே நல்லது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. ஐரோப்பிய விதிப்படி எண்கள் விற்கும் நிலையில் உள்ள பொருளுக்கானவை. ஆனால் சமைக்கும் முறையைப் பாக்கெட்டில் விவரமாக எழுதியிருந்தால் சமைத்த நிலைக்கான எண்களைத் தரவும் அனுமதி உண்டு. சூப் பொடி, உடனடி உணவுக் கலவைகளில் இதைப் பார்க்கலாம். "தயாரித்த பிறகு 100 கிராமுக்கு" என்று சிறிய எழுத்தில் இருக்கும். அந்த எழுத்து கண்ணில் படாவிட்டாலும் கூட்டல் காட்டிக்கொடுத்துவிடும். காய்ந்த பொருளின் எண்களைக் கூட்டினால் 90-ஐ ஒட்டி வர வேண்டும். கையில் உலர்ந்த பொடியை வைத்துக்கொண்டு பட்டியலைக் கூட்டினால் 35-தான் வருகிறது என்றால், மீதி 65 தண்ணீர். பொடியில் அவ்வளவு தண்ணீர் இருக்க முடியாது. ஆக, அந்தப் பட்டியல் சமைத்த பிறகானது. அப்போது காய்ந்த எடையால் பெருக்கக் கூடாது, தட்டில் உள்ள எடையால் பெருக்க வேண்டும்.

டின்னில் வரும் பயறு வகைகளில் இதே கேள்வி வேறு உருவில் வரும். டின்னின் மேல் நிகர எடை 400 கிராம், வடித்த எடை 240 கிராம் என்று இரண்டும் இருக்கும். பட்டியல் பெரும்பாலும் வடித்ததற்கு. எதற்கு என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, வடித்த பயறையே எடை போட வேண்டும்.

மில்லிலிட்டர் விஷயத்துக்கு வருகிறேன் என்றேன். பாலில் பொருட்படுத்த வேண்டாத அந்த மாற்றம் ஐஸ்கிரீமில் பெரிதாகிவிடும். ஐஸ்கிரீமைக் கடையும்போது காற்றைச் சேர்க்கிறார்கள். 500 மில்லிலிட்டர் டப்பாவில் 270 கிராம்தான் இருக்கக்கூடும். அதாவது ஒரு மில்லிலிட்டர் 0.54 கிராம். பட்டியல் 100 மில்லிலிட்டருக்கு மாவுச்சத்து 12 கிராம் என்கிறது. தராசில் 60 கிராம் எடுத்து வைத்தால், அதை 60 மில்லிலிட்டர் என்று நினைத்துப் பெருக்குகிறவருக்கு 7 கிராம் வரும். உண்மையில் அது 111 மில்லிலிட்டர். மாவுச்சத்து 13 கிராம். டப்பாவில் இரண்டு அளவும் போட்டிருந்தால் ஒன்றை மற்றதால் வகுத்தால் போதும். மில்லிலிட்டர் மட்டும் இருந்தால், திறக்கும் முன் டப்பாவை எடை போட்டு, காலியான பிறகு கழுவித் துடைத்து மறுபடி எடை போட்டால் வித்தியாசம்தான் உள்ளே இருந்தது. எண்ணெயிலும் இது சிறிதளவு உண்டு. எண்ணெய் தண்ணீரில் மிதக்கும், ஒரு மில்லிலிட்டர் சுமார் 0.92 கிராம்.

இவ்வளவு சொன்ன பிறகு, எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்ல வேண்டும். பட்டியலில் உள்ளது சராசரி. பயிர் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது, கலவை ஒவ்வொரு முறையும் சற்று மாறுகிறது. ஐரோப்பிய ஆணையம் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நூறு கிராமில் 40 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உள்ள பொருளில் 8 கிராம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். 10-க்கும் 40-க்கும் இடையில் உள்ளதற்கு நூற்றுக்கு இருபது. நம் மூஸ்லிக்கு 62 என்பது 54 ஆகவும் இருக்கலாம், 70 ஆகவும் இருக்கலாம். 72 கிராம் கிண்ணத்தில் அது ஏறக்குறைய 6 கிராம் முன்பின். எனவே 53.2 என்று எழுதிக்கொள்வதில் அர்த்தமில்லை, 53 போதும். தராசு ஒரு கிராம் தவறாகக் காட்டினாலும் பரவாயில்லை, அதற்காக விலையுயர்ந்த தராசு தேடி அலைய வேண்டாம். ஆனால் எண்களே தோராயம் என்பதால் கண்ணாலேயே அளந்துகொள்ளலாம் என்று முடிவு கட்டக் கூடாது. பட்டியலின் தளர்வு ஒரு கிண்ணத்தில் 6 கிராம். கண்ணளவின் பிழை, நாம் பார்த்தபடி, 20 கிராம். சிறிய பிழை இருப்பது பெரிய பிழையைச் சேர்த்துக்கொள்ளக் காரணம் ஆகாது.

மூஸ்லி போன்ற கலவைகளில் இன்னொரு தளர்வும் உண்டு. பாக்கெட்டை நிற்க வைத்தால் தூளும் சிறு துண்டுகளும் அடிக்குப் போய்விடும். கொட்டைகள் நிறைய விழுந்த கிண்ணத்தில் மாவுச்சத்து குறைவு, கொழுப்பு அதிகம். உலர்பழம் நிறைய விழுந்ததில் சர்க்கரை அதிகம். எடை ஒன்றாகவே இருக்கும். பட்டியல் முழுப் பாக்கெட்டின் சராசரியைச் சொல்கிறது. கொட்டும் முன் பாக்கெட்டைப் படுக்க வைத்து நாலைந்து முறை புரட்டிவிட்டால் ஓரளவு சமமாகிவிடும்.

கடைசியில் மிச்சம் வைப்பது. கணக்கு சொல்வது தட்டில் வைத்ததை, வயிற்றுக்குள் போனதை அல்ல. பாஸ்தாவில் இது எளிது. 210 கிராம் வைத்து 45 கிராம் மிச்சமிருந்தால் சாப்பிட்டது 165, 0.317-ஆல் பெருக்கினால் 52 கிராம். மூஸ்லிக் கிண்ணத்தில் அடியில் பால் மிஞ்சினால் அவ்வளவு சுத்தமாக வராது. 60 கிராம் பால் மிஞ்சியிருந்தால் அதில் பாலின் மாவுச்சத்து சுமார் 3 கிராம். மூஸ்லியிலிருந்து கரைந்த சர்க்கரையும் கொஞ்சம் அதில் இருக்கும். 53-இலிருந்து 3 கழித்து 50 என்று வைத்துக்கொண்டால் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

எடையைக் கவனிப்பவருக்கு இந்தக் கழித்தல் போதும், சாப்பிட்டு முடித்த பிறகு போட்டுக்கொள்ளலாம். என் அக்கா மகனுக்கு அது பயன்படாது. அவன் இன்சுலின் போடுவது சாப்பிடும் முன். போட்ட இன்சுலினைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் அவன் வரிசையை மாற்றிக்கொண்டான். எவ்வளவு பசித்தாலும் முதலில் 150 கிராம் வெந்த பாஸ்தாதான் தட்டில் வைக்கிறான். அன்றைய பானை எடை 560 என்றால் அது 48 கிராம் மாவுச்சத்து, கட்டாயம் சாப்பிட்டு முடிக்கக்கூடிய அளவு. இன்னும் வேண்டுமென்றால் தட்டைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, போட்டுக்கொள்வதை மட்டும் எடை பார்த்து, அதே 0.317-ஆல் பெருக்குகிறான். அந்த இரண்டாவது எண்ணுக்கு எப்போது, எவ்வளவு இன்சுலின் என்பதை அவனுடைய மருத்துவர் முன்பே சொல்லிவைத்திருக்கிறார்.